நகைச்சீட்டில் கடை போடும் பன்னிரண்டாம் தவணை: கைக்கு எவ்வளவு வரும்?

மாதம் 5,000 ரூபாய் வீதம் பதினோரு மாதம் நகைச்சீட்டு கட்டி முடித்த வாசகி ஒருவர் கேட்கிறார்: “பன்னிரண்டாவது தவணையைக் கடையே போடும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். சொன்னபடி போட்டும்விட்டார்கள். பாஸ்புக்கில் 60,000 என்று வரவு இருக்கிறது. ஆனால் அதற்கு ஐந்து கிராம் சங்கிலிதான் கிடைத்தது. அன்றைக்குக் கிராம் 10,000 ரூபாய். அப்படியென்றால் ஆறு கிராம் வந்திருக்க வேண்டாமா? கடையில் ஏமாந்துவிட்டேனா? அதே கடையில் அதே தொகைக்கு இன்னொரு சீட்டும் நான்கு மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதை நிறுத்திவிடலாமா?”

கடை ஏமாற்றவில்லை. சொன்ன போனஸைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த போனஸ் எங்கே போனது என்பது பில்லில் இருக்கிறது. அதை வரிவரியாகப் பார்த்தால்தான் இந்தத் திட்டம் உங்களுக்கு லாபமா இல்லையா என்று தெரியும்.

அவர் அனுப்பிய கணக்கு இதுதான். சங்கிலியின் நிகர எடை 5 கிராம். கிராம் 10,000 வீதம் தங்கத்தின் விலை 50,000. சேதாரம் 14 சதவீதம், அதாவது 7,000. செய்கூலி தனியாக இல்லை. ஆக 57,000. அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி 1,710. மொத்தம் 58,710. ஹால்மார்க் கட்டணம் சுமார் ஐம்பது ரூபாய் வரும், அதைக் கணக்கில் விட்டுவிடலாம். 60,000-இல் மீதி 1,290 ரூபாய். ரொக்கமாகத் தரமாட்டோம் என்று சொல்லி ஒரு வெள்ளிக் காசைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடை கொடுத்த போனஸ் 5,000. அதே கடையில் சேதாரமும் வரியுமாகக் கொடுத்தது 8,710. தன் கைப்பணம் 55,000 போட்டவரிடம் இருக்கும் தங்கத்தின் அன்றைய மதிப்பு 50,000. சேதாரமும் வரியும் சீட்டு கட்டாமல் வாங்கினாலும் உண்டு என்பதால் இதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் “60,000-க்கு ஆறு கிராம்” என்ற எதிர்பார்ப்பு ஆரம்பத்திலேயே தப்பு. பாஸ்புக்கில் இருப்பது பணத்தொகை. அது நகையாக மாறும்போது சேதாரம் என்ற வாசலைத் தாண்டித்தான் வரும்.

அப்படியானால் அந்த 5,000 ரூபாய் உண்மையில் எவ்வளவு பெறும்? இதை இரண்டு படியாகப் பார்க்க வேண்டும்.

முதல் படி, வட்டிக் கணக்கு. 55,000-க்கு 5,000 என்றால் 9 சதவீதம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை, ஏனென்றால் 55,000-மும் ஒரு வருஷம் முழுக்கக் கடையில் இருக்கவில்லை. முதல் தவணை பதினோரு மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரே மாதம்தான் இருந்தது. சராசரியாகப் பார்த்தால் பணம் ஆறு மாதம்தான் கடையில் இருந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு 9 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 18 சதவீதம். கூட்டுவட்டியாக நுணுக்கிப் போட்டால் 17-ஐ ஒட்டி வரும். வங்கி ஆர்.டி.யில் இதே 5,000-ஐ இதே பதினோரு மாதம் போட்டிருந்தால், 6.5 சதவீதம் வட்டியில், சுமார் 1,800 ரூபாய் வந்திருக்கும். ஆகவே கடையின் போனஸ் ஆர்.டி. வட்டியைவிட 3,200 ரூபாய் அதிகம். இந்த 3,200-தான் நீங்கள் சீட்டு கட்டியதற்கான உண்மையான கூடுதல் ஆதாயம். 5,000 முழுவதும் அல்ல.

இரண்டாம் படி, அந்த 3,200 ரூபாய்க்காக நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பது. ஆர்.டி. பணம் கையில் இருந்தால் எந்தக் கடைக்கும் போகலாம். சீட்டுப் பணத்துக்கு ஒரே கடைதான். அந்தக் கடையின் சேதாரம்தான் உங்கள் சேதாரம்.

இதே மாதிரி ஐந்து கிராம் சங்கிலி, இன்னொரு கடையில் 9 சதவீதச் சேதாரத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50,000-உடன் 4,500, அதன்மேல் வரி. மொத்தம் 56,135. ஆர்.டி.யில் சேர்ந்த 56,800-ஐ எடுத்துக்கொண்டு போயிருந்தால் சங்கிலியும் வந்து 665 ரூபாய் கையிலும் இருந்திருக்கும். சீட்டு வழியில் 1,290 மிச்சம், அதுவும் வெள்ளிக் காசாக. ஒரு வருஷம் ஒரே கடைக்குக் கட்டுப்பட்டதற்குக் கிடைத்தது 625 ரூபாய். அந்த இன்னொரு கடையில் சேதாரம் 8 சதவீதமாக இருந்தால் இரண்டு வழியும் ஏறக்குறைய சமம். அதற்கும் கீழே என்றால் சீட்டு கட்டியவருக்குத்தான் நஷ்டம்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ஒரு முழுத் தவணையை போனஸாகத் தரும் பதினோரு மாதத் திட்டம், உங்களுக்குச் சேதாரத்தில் சுமார் ஆறு புள்ளி அளவுக்குத்தான் பெறும். சீட்டுக் கடையில் ஒரு வகை நகைக்கு 14 சதவீதம், வெளியில் அதே வகைக்கு 12 என்றால் சீட்டு நல்ல லாபம். வெளியில் 8 என்றால் சரிக்குச் சரி. வெளியில் 6 என்றால் வேண்டாம். தங்கம் விலை 10,000 இருந்தாலும் 15,000 இருந்தாலும் இந்த அளவுகோல் மாறாது, ஏனென்றால் எல்லாமே சதவீதம். மாதத்தவணை 1,000 ஆக இருந்தாலும் 25,000 ஆக இருந்தாலும் அதேதான். ஆனால் போனஸ் முழுத் தவணையாக இல்லாமல் முக்கால் தவணை, அரைத் தவணை என்று இருந்தால் அளவு சட்டென்று சுருங்கும். அரைத் தவணை போனஸ் என்றால் 2,500. அதில் ஆர்.டி. வட்டி 1,800-ஐக் கழித்தால் 700 ரூபாய். சேதாரத்தில் ஒரு புள்ளி சொச்சம். அதற்காக ஒரு கடைக்குக் கட்டுப்படுவது வீண் என்பது என் கருத்து.

இதனால்தான் சீட்டில் சேரும் முன்பு கேட்க வேண்டிய முதல் கேள்வி “போனஸ் எவ்வளவு?” என்பது அல்ல. “நான் வாங்கப்போகிற வகை நகைக்கு இங்கே சேதாரம் எத்தனை சதவீதம்?” என்பதுதான். 22 கேரட் விலைப்பலகை ஊரில் எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்குக் கடை மாறுவது சேதாரம். அதிலும் நகைக்கு நகை மாறும். சாதாரண வளையல், எளிய சங்கிலிக்குக் குறைவாகவும், நகாஷ் வேலை, கல் பதித்த ஆரம், ஆன்டிக் மாதிரிகளுக்கு இருபதைத் தாண்டியும் போடுகிறார்கள். சேர்வதற்கு முன்பு ஒரு நாள் சும்மா கடைக்குப் போய், நீங்கள் நினைத்திருக்கும் மாதிரியில் நான்கைந்து நகைகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் சீட்டிலும் நிகர எடையும் சேதாரமும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு கடைகளிலும் இதையே செய்யுங்கள். ஒரு சாயங்காலம்தான் ஆகும். அதற்குப் பிறகு ஆறு புள்ளிக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

“எங்கள் திட்டத்தில் போனஸ் கிடையாது, அதற்குப் பதில் சேதாரமே கிடையாது” என்று சொல்லும் கடைகளும் உண்டு. அட்டையின் பின்பக்கம் படித்தால், “18 சதவீதம் வரை” என்று ஒரு வரம்பு இருக்கும். இந்த வகையில் உங்கள் ஆதாயம் நீங்கள் எடுக்கும் நகையைப் பொறுத்தது. 8 சதவீதச் சேதாரம் உள்ள வளையல் எடுத்தால் உங்களுக்கு மிச்சம் 8 சதவீதம்தான். 18 சதவீதம் உள்ள ஆரம் எடுத்தால் மிச்சம் 18. வேலைப்பாடு மிகுந்த நகை வேண்டுமென்று உறுதியாக இருப்பவருக்கு இது பணமாகத் தரும் போனஸைவிட மேல். எளிய நகை வாங்குபவருக்குப் பணமாகவே வருவதுதான் நல்லது. ஒன்று கவனிக்க வேண்டும்: கட்டிய தொகைக்கு ஈடான தங்கத்துக்கு மட்டும்தான் இந்த விலக்கு. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் முழுச் சேதாரம் விழும்.

அடுத்தது தங்கத்தின் விலை ஏற்றம். வாசகி இதைக் கேட்கவில்லை. ஆனால் போனஸைக் கரைப்பதில் சேதாரத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

நகைச்சீட்டில் இரண்டு விதமான வரவு உண்டு. ஒன்று, நீங்கள் கட்டும் பணம் பணமாகவே பாஸ்புக்கில் ஏறும். முதிர்வு நாளில் என்ன விலையோ அந்த விலையில் நகை. மற்றொன்று, கட்டும் நாளின் விலையில் பணம் கிராமாக மாற்றப்பட்டு எடையாக ஏறும். பன்னிரண்டாம் தவணை போனஸ் தருவது பெரும்பாலும் முதல் வகையில்தான். விலை ஏறாமல் நின்ற வருஷத்தில் இது அருமையான பேரம். விலை ஏறிய வருஷத்தில் கதை வேறு.

ஒரு கணக்கு. முதல் தவணையின்போது கிராம் 10,000. மாதம் 200 ரூபாய் ஏறி, பதினோராம் தவணையில் 12,000, நகை எடுக்கும் பன்னிரண்டாம் மாதத்தில் 12,200. எடை வகையில் ஒவ்வொரு மாதமும் 5,000-க்கு எத்தனை கிராம் வந்தது என்று கூட்டினால் 5.017 கிராம். முதிர்வு நாளில் அதன் மதிப்பு சுமார் 61,200. போனஸ் வகையில் 60,000. ஆக போனஸ் எதுவும் இல்லாத எடைச்சீட்டே 1,200 ரூபாய் முன்னால் இருக்கிறது. வருஷத்தில் சுமார் 18 சதவீதம் விலை ஏறினால் ஒரு தவணை போனஸும் எடைச்சீட்டும் சமம். அதற்குமேல் ஏறினால் எடை, குறைவாக ஏறினால் அல்லது இறங்கினால் போனஸ். அடுத்த வருஷம் விலை எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மகள் கல்யாணத்துக்கு இத்தனை பவுன் என்று எடையை இலக்காக வைத்துச் சேர்ப்பவருக்கு எடைச்சீட்டுதான் பொருந்தும் என்பேன். விலை ஏறினாலும் ஏற்கெனவே சேர்ந்த கிராம் குறையாது. இத்தனை ரூபாய்க்கு ஒரு நகை போதும் என்பவருக்கு போனஸ் சீட்டு பொருந்தும்.

கட்டிய தொகை சரியாக இருந்தும் முதிர்வில் போனஸ் குறைவாக வந்தது என்ற புகாரும் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இடையில் ஒரு மாதம் விட்டுப்போய், அடுத்த மாதம் இரண்டு தவணையாகக் கட்டியிருப்பார்கள். வீட்டுக் கணக்கில் பதினோரு தவணையும் சரி. கடைக் கணக்கில் ஒரு தவணை தாமதம். சில கடைகள் எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் முதிர்வைத் தள்ளிவைக்கும். சில கடைகள் தாமதமான தவணைக்குரிய போனஸை மட்டும் குறைக்கும். சில கடைகள் போனஸை அடியோடு ரத்து செய்யும். மூன்றில் எது என்று அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். புரியவில்லை என்றால், “ஒன்பதாம் மாதம் தாமதமானால் எனக்கு எவ்வளவு வரும்?” என்று எண்ணைக் கேளுங்கள். பதிலை அட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன விற்பனையாளர் பதினோரு மாதம் கழித்து அதே கவுன்ட்டரில் இருப்பார் என்று நிச்சயமில்லை.

பதினோரு மாதம் என்ற கணக்கு ஏன் என்று பலரும் கேட்பார்கள். நிறுவனங்கள் வைப்புத்தொகை வாங்குவதற்கான 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும். தாண்டினால் அது வைப்புத்தொகை என்ற கணக்கில் வந்து, வேறு கட்டுப்பாடுகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் கடைகள் பதினோரு மாதத்தோடு நிறுத்தி, பன்னிரண்டாம் மாதத்துக்குள் நகையை எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. உங்களுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. முதிர்ந்த பிறகு விலை இறங்கட்டும் என்று சீட்டை அப்படியே விட்டுவைப்பதால் ஒரு பைசா கூடுதலாக வராது. முதல் தவணை கட்டிய நாளிலிருந்து ஒரு வருஷம் என்பதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

கடையே மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகைச்சீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஏமாற்றப்பட்டால் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். ஆனால் பணம் திரும்ப வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். ஆகவே ஒரு தவணைக்கு மேல், ஒன்றரை, இரண்டு தவணை போனஸ் என்று ஒரு கடை சொன்னால் அந்தக் கடையைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு தவணையே வருஷத்துக்கு 17, 18 சதவீதம் என்று பார்த்தோம். நகை வியாபாரத்தில் கடைக்காரர் அதைச் சேதாரத்தில் ஈடுகட்டிக்கொள்ள முடியும். அதற்கு மேல் தருகிறேன் என்பவர் எங்கிருந்து தருவார் என்பதற்கு நல்ல பதில் கிடையாது.

இனி, முதிர்ந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் நாள். இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் பாஸ்புக்கை எடுத்து நீட்டாதீர்கள். முதலில் நகையைத் தேர்ந்தெடுங்கள். நிகர எடையைக் கேளுங்கள், கல் இருந்தால் கல் எடை கழிக்கப்பட்டதா என்று பாருங்கள். சேதாரத்தைப் பேசுங்கள். ரொக்க வாடிக்கையாளருக்கு ஒன்றிரண்டு புள்ளி குறைப்பது வழக்கம்தான். அந்த எண்ணை மதிப்பீட்டுச் சீட்டில் எழுதி வாங்கிய பிறகு, “சீட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று பாஸ்புக்கைக் கொடுங்கள். “சீட்டுக்கு இந்தச் சேதாரம் பொருந்தாது” என்று அப்போது சொன்னால், போனஸின் ஒரு பகுதியை அவர்கள் சேதாரத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஆடி மாதத்திலோ அட்சய திருதியையிலோ சேதாரத்தில் பாதி தள்ளுபடி என்று விளம்பரம் வந்தால், சீட்டுக்கும் அது உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பல இடங்களில் இரண்டும் சேராது. சேராத பட்சத்தில் தள்ளுபடி நாளில் சீட்டு நகையை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, கூட்டம்தான் மிச்சம்.

சீட்டுத் தொகையைவிடச் சற்று அதிக விலை வரும் நகையாக எடுத்து, மீதியைக் கையிலிருந்து கொடுங்கள். குறைந்த விலை நகை எடுத்தால் மிச்சத்தை ரொக்கமாகத் தரமாட்டார்கள். வாசகியின் 1,290 ரூபாய் தேவையில்லாத வெள்ளிக் காசாக மாறியது அப்படித்தான். தங்கக் காசாக எடுத்துவிடலாமே, அதற்குச் சேதாரம் குறைவுதானே என்று தோன்றும். அதனாலேயே பெரும்பாலான திட்டங்களில் காசுக்கு போனஸ் கிடையாது. பில் வந்ததும் நகையில் பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916, ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண் மூன்றும் இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்து, அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள். போனஸ் பில்லில் தள்ளுபடியாக வரிக்கு முன்பே கழிக்கப்பட்டதா, கட்டிய பணமாக வரிக்குப் பின்பு கழிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். முன்பே கழித்திருந்தால் 5,000-க்கு 150 ரூபாய் வரி மிச்சம். சொன்ன போனஸைக் கொடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பாஸ்புக்கும் தவணை ரசீதுகளும் இருந்தால் வழக்கு எளிது.

வாசகியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நான்கு மாதம் கட்டிய இரண்டாவது சீட்டை நிறுத்தாதீர்கள். இப்போது நிறுத்தினால் கட்டிய 20,000-க்கு நகை மட்டும்தான் கிடைக்கும், போனஸ் கிடையாது, சேதாரமும் முழுதாக விழும். தொடர்ந்தால், இனிமேல் கட்டப்போகும் 35,000-தான் அந்த 5,000 போனஸை உங்களுக்குக் கொண்டுவருகிறது. பாதி வழியில் நிற்பவருக்கு மீதியைக் கட்டி முடிப்பதுதான் பொதுவாக லாபம். ஆனால் முதிர்ந்ததும் அதே 14 சதவீதச் சங்கிலியை எடுக்காதீர்கள். அதே கடையில் சேதாரம் குறைவான வளையல் பகுதியைப் பாருங்கள். 60,000-க்கு 8 சதவீதச் சேதாரத்தில் வளையல் எடுத்தால், அன்றும் விலை 10,000-ஆகவே இருந்தால், 5.39 கிராம் வரும். 14 சதவீதத்தில் வருவது 5.11 கிராம்தான். மூன்றாவது சீட்டில் சேர்வதாக இருந்தால் மட்டும், முதலில் வேறு இரண்டு கடைகளின் சேதாரத்தைக் குறித்துக்கொண்டு வந்து முடிவு செய்யுங்கள்.